மலிவு இயர்பட்ஸ்: ஈக்வலைசரை எங்கே வைப்பது?

கேள்வி: விலை குறைந்த போனுக்கு விலை குறைந்த இயர்பட்ஸ் வாங்கினேன். பேஸ் தடதடவென்று வருகிறது, பாடுகிறவர் குரலோ போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. கம்பெனி ஆப்பில் நாலு ப்ரீசெட்தான். நண்பர் Wavelet என்ற ஈக்வலைசர் ஆப்பைப் போடச் சொன்னார்; போட்டேன், பாட்டு ஆப்பில் மாறுகிறது, வீடியோவில் மாறவே இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது?

பதில்: இரண்டும் ஈக்வலைசர்தான், ஆனால் வேலை செய்யும் இடம் வேறு. கம்பெனி ஆப்பில் நீங்கள் செய்யும் மாற்றம் பெரும்பாலும் இயர்பட்ஸுக்குள் இருக்கும் சிப்பிலேயே பதிந்துவிடும். அதனால் எந்த ஆப்பில் கேட்டாலும் அது கூடவே வரும். Wavelet போன்றவை போனுக்குள்ளேயே ஒலியை மாற்றி, அப்புறம்தான் ப்ளூடூத்துக்கு அனுப்புகின்றன.

உங்களுடையது எந்த வகை என்று பார்ப்பது சுலபம். கம்பெனி ஆப்பில் பேஸ் அதிகமான ப்ரீசெட்டை வைத்துவிட்டு, அந்த ஆப் இல்லாத வேறொரு போனில் இணைத்துக் கேளுங்கள். மாற்றம் அப்படியே இருந்தால் அது இயர்பட்ஸில் பதிந்திருக்கிறது. அதன் பிறகு ஆப்பையே எடுத்துவிட்டாலும் ஒலி மாறாது. ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு மட்டும் எப்போதாவது திரும்பப் போட்டால் போதும்.

கம்பெனி ஆப்பில் பேஸ் முதல் கீச்சொலி வரை ஒலியைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நாமே ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் வேறு எதுவும் வேண்டாம் என்பேன். soundcore இயர்பட்ஸின் ஆப்பில் பல மாடல்களுக்கு 8 பட்டைகள் கிடைக்கின்றன. உங்களுக்கு நாலு ப்ரீசெட்தான் என்பதால் போன் பக்கம் போவது நியாயமே. ஆனால் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடாதீர்கள். கம்பெனி ஆப்பில் 'நார்மல்' மாதிரியான, எதையும் தூக்காத ப்ரீசெட்டை வையுங்கள். போனின் செட்டிங்ஸில் டால்பி போல ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

வீடியோவில் மாறாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஆப் 'நான் இப்போது ஒலி எழுப்புகிறேன்' என்று ஆண்ட்ராய்டில் அறிவித்தால்தான் Wavelet அதைப் பிடித்துக்கொள்ளும். பாட்டு ஆப்கள் பல அறிவிக்கின்றன, வீடியோ ஆப்கள் பல அறிவிப்பதில்லை. Wavelet-இன் செட்டிங்ஸில் Legacy mode என்று ஒன்று உண்டு. அது போனின் மொத்த ஒலியிலும் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். சில போன்களில் ஒழுங்காக ஓடும், சிலவற்றில் ஓடாது. முயன்று பாருங்கள். பாட்டுக்கு நடுவிலேயே ஈக்வலைசர் நின்றுபோனால் அது வேறு கோளாறு: விலை குறைந்த போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணி ஆப்களை மூடிவிடும். பேட்டரி அமைப்பில் Wavelet-க்குக் கட்டுப்பாடு இல்லை என்று வைத்துவிடுங்கள்.

Wavelet-இல் உள்ள AutoEq பட்டியலில் உங்கள் மாடல் இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதோடு பாதி வேலை முடியும். அந்த மாடலை அளந்து பார்த்துத் தயாரித்த திருத்தம் அது. இல்லையென்றால், பெயர் ஒத்துப்போகும் இன்னொரு மாடலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களே வேறு வேறு மாதிரி ஒலிக்கும்.

கையால் சரிசெய்வதானால் குரலைத் தூக்கத்தான் முதலில் கை போகும். வேண்டாம். நீங்கள் சொல்லும் மூட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் 250 ஹெர்ட்ஸ் பக்கம் வழிந்து நிற்கும் பேஸ். நன்றாகத் தெரிந்த, குரல் முன்னால் நிற்கும் ஒரு பாட்டைப் போட்டு, 250-ஐ 4 டெசிபல், 125-ஐ 2 டெசிபல் இறக்குங்கள். மற்றதெல்லாம் பூஜ்ஜியத்திலேயே இருக்கட்டும். மொத்த ஒலி சற்றுக் குறையும், வால்யூமை ஒரு படி ஏற்றிவிட்டுக் கேளுங்கள். குரல் இன்னும் பின்னால் இருந்தால் 2000-இல் 1 டெசிபல் ஏற்றலாம். 'ஸ', 'ச' ஒலிகள் காதில் குத்தினால் 8000-இல் 2 இறக்குங்கள். எல்லாப் பட்டைகளையும் மேலே தள்ளினால் சத்தமான இடங்களில் ஒலி முட்டிக் கரகரக்கும். 'வால்யூம் பூஸ்டர்' ஆப்களின் தொல்லையும் இதேதான். முன்னும் பின்னும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். சத்தம் கூடியதை நம் காது தரம் கூடியதாக எடுத்துக்கொண்டுவிடும்.

நேர்மாறாக, பேஸே வரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தால் ஈக்வலைசரைத் தொடவே வேண்டாம், ரப்பர் முனையின் அளவை மாற்றுங்கள் என்றிருப்பேன். காது சரியாக அடைபடாதபோது வெளியே கசியும் பேஸை எந்த ஆப்பாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. போன் பேச்சில் எதிராளிக்கு உங்கள் குரல் மங்கலாகக் கேட்பதையும் இந்த ஈக்வலைசர்கள் சரிசெய்யாது. அது மைக்கின் சங்கதி.