காரத்துக்கு மோர் கேக்கலையா?

"ஆந்திரா மீல்ஸ் சாப்ட்டு வாய் எரியுது, ஒரு பாட்டில் தண்ணி குடிச்சும் அடங்கல, நீர்மோரும் பெருசா கேக்கல, ஏன்?"

மிளகாய்ல காரம் குடுக்கறது கேப்சைசின்ங்க, அது எண்ணெய் மாதிரி, தண்ணில கரையாது, குடிக்க குடிக்க வாய் பூரா பரவத்தான் செய்யும். நாக்குல சூட்டை உணர்ற நரம்பையே அது தூண்டி விடுறதால சுட்ட மாதிரியே எரியுது. தயிர்ல கேசின்னு ஒரு புரதம் இருக்கு, அது கேப்சைசினை பிடிச்சு நாக்குலேர்ந்து கழட்டிடும். நீர்மோர்ல முக்கால்வாசி தண்ணிதானே, அதுல பச்சை மிளகாய் வேற இடிச்சு போட்டிருப்பாங்க, எப்படி கேக்கும்? ஃபிரிட்ஜ்ல இருக்கற கெட்டித் தயிர் ரெண்டு ஸ்பூன் எடுத்து, உடனே முழுங்காம அரை நிமிஷம் வாயில வச்சு சுழட்டுங்க, அப்புறம் இன்னொரு வாட்டி. தயிர்சாதம்னா தயிர் தாராளமா விட்டு பிசைங்க, ஊறுகாய் மட்டும் தொடாதீங்க.