புள்ளிப் பெருக்கம் வைத்துக் கோணம் காண்பது: கேள்வி பதில்

பள்ளி மாணவி: சார், A(2, 1, 3), B(4, 2, 5), C(3, 5, 11) என்று ஒரு முக்கோணம். புள்ளிப் பெருக்கம் போட்டு மூன்று கோணங்களையும் கண்டுபிடித்தேன். A-யில் 35.43°, B-யில் 50.29°, C-யில் 14.86°. கூட்டினால் 100.58° தான் வருகிறது. நாலு தடவை சரிபார்த்துவிட்டேன், பெருக்கல் எதுவும் தப்பவில்லை.

பெருக்கல் தப்பவில்லை, அம்பு திரும்பிவிட்டது. B-யில் உள்ள கோணத்துக்கு நீங்கள் AB, BC என்ற இரண்டையும் எடுத்திருக்கிறீர்கள். AB என்பது B-யில் வந்து முடிகிற வெக்டர், BC என்பது B-யில் தொடங்குகிற வெக்டர். புள்ளிப் பெருக்கம் தருவது, இரண்டு வெக்டர்களின் வால்களையும் ஓரிடத்தில் வைத்தால் நடுவே விழும் கோணத்தை. AB-ஐ நகர்த்தி வாலை B-யில் வைத்தால் அது முக்கோணத்துக்கு வெளியே நீண்டுவிடும். நீங்கள் அளந்தது அந்த வெளிக்கோணம்.

B-யிலிருந்து கிளம்பும் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். BA = (−2, −1, −2), நீளம் 3. BC = (−1, 3, 6), நீளம் √46, அதாவது 6.782. பெருக்கிக் கூட்டினால் 2 − 3 − 12 = −13. வகுத்தால் −13 / 20.347 = −0.6389. கோணம் 129.71°. இப்போது 35.43 + 129.71 + 14.86 = 180.00.

குறி மாறினால் கோணம் 180°-இலிருந்து கழிந்த மிச்சமாக மாறும். உங்கள் 50.29-உம் சரியான 129.71-உம் கூடி 180 ஆவது அதனால்தான். விடை விரிகோணமாக இருக்க வேண்டிய இடத்தில் குறுங்கோணம் வந்தால் முதலில் அம்புகளின் திசையைப் பாருங்கள். மூன்றையும் கூட்டிச் சரிபார்த்தீர்களே, அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். தவறைக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

அதே மாணவி: நீளங்களால் வகுத்தால் கொசைன் வரும் என்று மனப்பாடமாகத்தான் வைத்திருக்கிறேன். ஆயத்தொலைவுகளைப் பெருக்கிக் கூட்டுவதற்கும் கோணத்துக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் முக்கோணமே காட்டிவிடும். AB = (2, 1, 2), AC = (1, 4, 8). நீளங்கள் 3, 9. எதிர்ப்பக்கம் BC = AC − AB. அதன் நீளத்தின் வர்க்கத்தை இரண்டு வழியில் எழுதுவோம்.

முதல் வழி, கொசைன் விதி: 3² + 9² − 2 × 3 × 9 × cos A.

இரண்டாவது வழியில் முக்கோணத்தை மறந்துவிட்டு வெறும் எண்களாகவே விரியுங்கள். (1 − 2)² + (4 − 1)² + (8 − 2)². ஒவ்வொரு அடைப்பிலிருந்தும் இரண்டு வர்க்கங்களும் ஒரு குறுக்குப் பெருக்கலும் வரும். வர்க்கங்களைத் திரட்டினால் 9-உம் 81-உம். குறுக்குப் பெருக்கல்களைத் திரட்டினால் −2 × (2×1 + 1×4 + 2×8), அதாவது −2 × 22. மொத்தம் 90 − 44 = 46. BC-யின் நீள வர்க்கமும் 46-தான்.

இரண்டு வழியிலும் 9 + 81 பொது. ஆகவே மிச்சமும் சமமாகத்தான் இருக்க வேண்டும்: 22 = 3 × 9 × cos A. இதில் பரிமாணத்துக்கு எந்த வேலையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று எண்கள் இருந்த இடத்தில் முந்நூறு இருந்தாலும் விரிவு இதேபோல்தான் போகும்.

பொறியியல் மாணவர்: இதற்கு எதற்கு நேர்மாறு கொசைன்? குறுக்குப் பெருக்கத்தின் நீளத்தை இரண்டு நீளங்களாலும் வகுத்தால் சைன் கிடைக்கிறது. நான் அப்படித்தான் போடுகிறேன், எப்போதும் சரியாக வருகிறது.

குறுங்கோணங்களில் மட்டுமே போட்டிருப்பீர்கள். மேலே உள்ள B-யில் முயன்று பாருங்கள். BA × BC = (0, 14, −7), நீளம் √245 = 15.652. 20.347-ஆல் வகுத்தால் 0.7693. நேர்மாறு சைன் 50.29° என்று சொல்லும். 50.29-க்கும் 129.71-க்கும் சைன் ஒன்றே, ஆகவே அதற்கு வேறுபாடு தெரியாது. கொசைன் 0°-இலிருந்து 180° வரை இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு மதிப்புக்கு ஒரே கோணம்தான்.

ஆனாலும் உங்கள் எண்ணத்தைத் தூக்கி எறிய மாட்டேன். இரண்டு கேள்விகள் தள்ளி அதற்கு வேலை இருக்கிறது.

நிரலாளர்: ஆயிரக்கணக்கான வெக்டர் ஜோடிகளுக்குக் கோணம் கணக்கிடுகிறேன். பெரும்பாலும் சரி. எங்கேயோ ஒன்றிரண்டில் மட்டும் `nan` வருகிறது. உள்ளீட்டில் குறை எதுவும் தெரியவில்லை.

அந்த ஒன்றிரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில், அல்லது நேர் எதிர்த் திசையில் இருக்கும் ஜோடிகளா என்று பாருங்கள். (1, 1, 1)-ஐ அதனோடே ஒப்பிட்டால்கூட இது நடக்கும்:

```python
import math
n = math.sqrt(3)
c = 3 / (n * n)
print(c)       # 1.0000000000000002
math.acos(c)   # ValueError
```

√3-ஐக் கணினி சற்றே குறைத்து வைத்திருக்கிறது. அதன் வர்க்கம் 3-ஐ எட்டாமல் 2.9999999999999996-இல் நிற்கிறது. வகுத்தால் 1-ஐத் தாண்டிவிடுகிறது. கொசைன் 1-ஐத் தாண்டிய கோணம் கிடையாது. `math.acos` அங்கேயே நின்றுவிடும், `numpy` ஓர் எச்சரிக்கையோடு `nan` கொடுத்துவிட்டு மேலே போகும்.

`c = max(-1.0, min(1.0, c))` என்று எல்லைக்குள் இழுத்து நிறுத்துங்கள். இழுப்பதற்கு முன் எவ்வளவு தாண்டியிருக்கிறது என்பதையும் சோதியுங்கள். பதினாறாவது இலக்கத்தில் தாண்டினால் அது முழுமையாக்கப் பிழை. 1.3 வந்தால் ஒரு நீளத்தால் வகுக்க மறந்திருக்கிறீர்கள், அதை எல்லைக்குள் இழுத்து மறைக்கக் கூடாது.

வேறொரு காரணமும் உண்டு. பூச்சிய வெக்டர் ஒன்று உள்ளே வந்திருந்தால் 0/0. அதற்குத் திசையே இல்லாததால் கோணமும் இல்லை. அந்த ஜோடியை முன்கூட்டியே விலக்குவதுதான் வழி.

இன்னொரு நிரலாளர்: முந்தைய பதிலோடு இது முடிந்துவிடுகிறது. எல்லைக்குள் இழுத்தால் போதும், பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

நிரல் நிற்காது என்பது சரி. விடை சரியா என்பது வேறு கேள்வி. கோணம் சிறிதாக இருக்கும்போது கொசைன் 1-க்கு மிக அருகே ஒட்டிக்கொள்கிறது. குறைவு கோணத்தின் வர்க்கத்தில் பாதிதான். கோணம் 10⁻⁸ ரேடியன் என்றால் குறைவு 5 × 10⁻¹⁷. டபுள் எண்ணில் 1-க்குக் கீழே உள்ள அடுத்த எண்ணே 1.1 × 10⁻¹⁶ தள்ளித்தான் இருக்கிறது. ஆகவே கொசைன் சரியாக 1 ஆகிவிடும், கோணம் 0 ஆகிவிடும். தகவல் கொசைனிலேயே தொலைந்துவிட்டதால் பிறகு என்ன செய்தாலும் மீளாது.

டபுளில் இது பலருக்கு உறுத்தாது. 32 பிட் ஃப்ளோட்டில் உறுத்தும். அங்கே `acos` தரக்கூடிய மிகச் சிறிய, பூச்சியமல்லாத கோணம் ஏறத்தாழ 0.02°. மெல்லத் திரும்பும் ஒரு பொருளை அளந்தால் 0-இலேயே நின்று, திடீரென 0.02-க்குத் தாவும். உங்கள் வரைபடத்தில் சிறு கோணங்கள் படிக்கட்டாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

முப்பரிமாணத்தில் நான் எழுதுவது இது:

```python
t = math.atan2(norm(cross(a, b)), dot(a, b))
```

பொறியியல் மாணவர் சொன்ன சைன் இங்கேதான் பயன்படுகிறது. சிறு கோணத்தில் குறுக்குப் பெருக்கம் கோணத்தோடு நேராக வளர்கிறது, அதனால் துல்லியம் தங்குகிறது. குறுங்கோணமா விரிகோணமா என்பதைப் புள்ளிப் பெருக்கத்தின் குறி தீர்க்கிறது. atan2(15.652, −13) போட்டால் 129.71° நேராகவே வரும். நீளங்களால் வகுக்கவும் வேண்டாம், எல்லைக்குள் இழுக்கவும் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: `atan2(0, 0)` பிழை காட்டாமல் 0 என்று தந்துவிடும். பூச்சிய வெக்டர் சோதனை இங்கே இன்னும் அவசியம்.

கேம் எழுதுபவர்: அண்ணா, என் காவலன் பாத்திரத்துக்கு முன்னால் 60° பார்வை. வீரன் அதற்குள் இருக்கிறானா என்று ஒவ்வொரு ஃப்ரேமிலும் கோணம் கண்டுபிடிக்கிறேன். வேகமாக்க முடியுமா? இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் தெரிய வேண்டும்.

உங்களுக்குக் கோணமே வேண்டாம். மொத்தம் 60° என்றால் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30°. கொசைன் இறங்கிக்கொண்டே போவதால், கோணம் 30°-க்குள் என்பதும் கொசைன் 0.866-க்கு மேல் என்பதும் ஒன்றே. `acos` கூப்பிடத் தேவையில்லை.

வர்க்கமூலத்தையும் தவிர்க்க இருபுறமும் வர்க்கப்படுத்தலாம்: புள்ளிப் பெருக்கத்தின் வர்க்கம், நீள வர்க்கங்களின் பெருக்கத்தில் 0.75 பங்கைத் தாண்ட வேண்டும். ஆனால் அதற்கு முன் புள்ளிப் பெருக்கம் நேர்மமா என்று கேட்டாக வேண்டும். காவலன் (1, 0) நோக்கி நிற்கிறான், வீரன் இருப்பது (−4, 1) பக்கம். புள்ளிப் பெருக்கம் −4, வர்க்கம் 16. 0.75 × 17 = 12.75. 16 பெரியது, உடனே முதுகுக்குப் பின்னால் நிற்பவனைக் காவலன் பார்த்துவிடுவான்.

இடம் வலம் புள்ளிப் பெருக்கத்துக்குத் தெரியாது, இரண்டு வெக்டரையும் இடம் மாற்றினாலும் அது அதே விடையைத்தான் தரும். `fx*dy - fy*dx` போட்டுக் குறியைப் பாருங்கள். y மேல்நோக்கி வளர்ந்தால் நேர்மம் இடப்பக்கம். திரையில் y கீழ்நோக்கி வளர்ந்தால் தலைகீழ்.

ஆசிரியர் ஒருவர்: இரண்டு கோடுகளுக்கு இடையே 129.71° என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைத்தேன். இங்கே அதே எண்ணைச் சரி என்கிறீர்கள்.

மேலே மாணவி கேட்டது முக்கோணத்தின் உட்கோணம், திசை உண்டு. கோட்டுக்கு முன்னும் பின்னும் இல்லை, எனவே புள்ளிப் பெருக்கத்தின் மட்டு மதிப்பை எடுத்து 50.29° என்பதே வழக்கம். நீங்கள் குறைத்தது சரி, வினாவில் கோடு என்ற சொல் இருந்திருந்தால்.

ஆய்வு மாணவி: ஒவ்வோர் ஆவணத்தையும் 300 எண்கள் கொண்ட வெக்டராக்கியிருக்கிறேன். எந்த இரண்டை எடுத்தாலும் கோணம் 85°-க்கும் 95°-க்கும் நடுவில்தான். கணக்கில் தவறா?

தவறாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 300 பரிமாணத்தில் திசைகளைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் கொசைனின் திட்டவிலக்கம் 1/√300, அதாவது 0.058. கோணத்தில் சுமார் 3.3°. ஏறத்தாழ எல்லா ஜோடியும் செங்குத்தாகவே தெரியும். ஆகவே இங்கே 80° என்பது தளத்தில் வரையும் 80° அல்ல. அதன் கொசைன் 0.174, மூன்று திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது. அதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் 85 முதல் 95 வரை என்பது ஆவணங்கள் உண்மையிலேயே சம்பந்தமற்றவை என்பதாலா, வெக்டராக்கிய முறை எதையும் பிடிக்கவில்லை என்பதாலா? கோணத்தை மட்டும் பார்த்து என்னால் சொல்ல முடியாது. ஒரே பொருளைப் பற்றியவை என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சில ஜோடிகளைத் தனியே எடுத்துக் கோணம் பாருங்கள். அவையும் 90°-ஐச் சுற்றியே இருந்தால் சந்தேகப்பட வேண்டியது வெக்டராக்கிய முறையை.