மலைக்கடையின் மாதமடல்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் சிறிய புத்தகக்கடை ஒன்றை நடத்தி வருகிறேன். ஏறத்தாழ 200 வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒருமுறை வாட்ஸப்பில் ஒரு மடல் அனுப்புகிறேன். புது வரவுகளின் பட்டியல், தள்ளுபடி விவரம், கடைசியில் ‘உங்கள் கருத்துகளை எழுதுங்கள்’ என்று ஒரு வரி. ஆறு மாதமாக ஒருவரும் எழுதவில்லை. விற்பதற்காக மட்டும் இதைத் தொடங்கவில்லை. வாசகர்களோடு பேச்சு நடக்க வேண்டும் என்பதே என் ஆசை. எங்கே தவறுகிறேன்?

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

குன்னூரில் நண்பர் ஒருவர் வைத்திருந்த கடைக்கு மூன்றாண்டுகள் மாதமடல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கடை இன்று இல்லை; அதை மூட வைத்தது வாடகை, மடல் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மடலின் உள்ளடக்கத்துக்குப் போகும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் பிராட்காஸ்ட் லிஸ்ட் வழியாக அனுப்புகிறீர்கள் என்றால், உங்கள் கடை எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகவில்லை என்ற அறிவிப்புகூட உங்களுக்கு வராது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால் யார் யாருக்குச் சேர்ந்தது என்ற பட்டியல் தெரியும். பல நாள் கழித்தும் அதில் வராத பெயர்களில் பெரும்பாலானவை உங்கள் எண்ணைச் சேமிக்காதவர்களுடையவையாக இருக்கும். பில் போடும்போதே, ‘எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு மடல் வரும், வேண்டாம் என்றால் ஒரு சொல் எழுதினால் நிறுத்திவிடுவோம்’ என்று கேட்டுவிடுவதே இதற்கு வழி. குழுவாக மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழுவில் ஒரு வாரத்துக்குள் காலை வணக்கப் படங்கள் வந்து குவியும். கூச்சமுள்ள வாசகர் 200 பேர் பார்க்க வாய் திறக்க மாட்டார். லிஸ்டில் அவர் எழுதும் பதில் உங்களுக்கு மட்டும் வரும்.

சேர்ந்த பிறகும் பதில் வராததற்குக் காரணம், பட்டியலுக்குப் பதில் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான். 14 புத்தகங்களின் பெயரையும் விலையையும் படித்தவர் வாங்கலாம், வாங்காமல் விடலாம். மூன்றாவதாக அவர் செய்யக்கூடியது எதுவும் அங்கே இல்லை. ‘உங்கள் கருத்துகளை எழுதுங்கள்’ என்ற வரியும் உதவாது, ஏனெனில் அது எதைப் பற்றிய கருத்து என்பதை வாசகரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நாங்களும் முதல் மூன்று மாதம் இதையே செய்தோம். ஒரு பதிலும் வரவில்லை.

நான்காவது மடல் அக்டோபரில் வந்தது. கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடியில் கொட்டித் தீர்த்துவிடும் மழை, குன்னூருக்கும் உங்கள் கோத்தகிரிக்கும் ஐப்பசியில்தான் உண்மையாக இறங்குகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் கடையின் பின்சுவரை ஒட்டியிருந்த அலமாரியில் கீழ்த்தட்டு முழுவதும் பூசணம் பிடித்துவிட்டது. புது வரவு என்று எழுத எதுவுமில்லாத வெட்கத்தில், நடந்ததையே எழுதினோம். வெளிச்சுவர் குளிர்ந்து ஈரம் கோப்பதால் அதை ஒட்டி நிற்கும் புத்தகம்தான் முதலில் கெடுகிறது. அலமாரியை நான்கு விரல் முன்னே இழுத்துக் காற்றுப் போக இடம் விட வேண்டும். பூசணம் ஈரமாக இருக்கும்போது துணியால் துடைத்தால் அது அட்டைக்குள் தேய்ந்து இறங்கிக் கறையாக நின்றுவிடும். நிழலில் காற்றாட உலர்த்தி, அது பொடியாக மாறிய பிறகு, மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும். ஈரப் புத்தகத்தைப் பாலித்தீன் பையில் கட்டி வைப்பது, மலையில் பல வீடுகளில் செய்யும் வேலைதான், ஆனால் பூசணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. இவ்வளவும் சரியாகவே எழுதிவிட்டு, இறுதியில் ‘தட்டுக்கு இரண்டு அந்துருண்டை போடுங்கள்’ என்றும் சேர்த்தோம். கேள்வி ஒன்றே ஒன்று: ‘உங்கள் வீட்டில் எந்த அலமாரியில் பூசணம் முதலில் வருகிறது?’

மூன்று பதில்கள் வந்தன. ஒன்று, கைப்பேசி வைத்துக்கொள்ளாத ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மகள் வாசித்துக் காட்டியதைக் கேட்டு எழுதிய அஞ்சலட்டை. ‘அந்துருண்டை பூச்சிக்கு. பூசணத்துக்கு அல்ல. எங்கள் அலமாரியில் இரண்டும் ஒற்றுமையாக வாழ்கின்றன’ என்று மூன்றே வாக்கியம். அவர் சொன்னது சரி. நவம்பர் மடலின் முதல் பத்தியாக அந்த அட்டையை, அவருடைய அனுமதியுடன், அப்படியே போட்டு, ‘நாங்கள் தவறாக எழுதினோம்’ என்றும் சேர்த்தோம். அந்த மாதம் 11 பதில்கள் வந்தன, கேள்வி அக்டோபருடையதைவிடச் சுவையாக இல்லாதபோதிலும். தாம் எழுதினால் அச்சாகும், கடைக்காரரையே திருத்தலாம், அதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பதை மற்றவர்கள் அந்த அட்டையைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே கேள்வியை இப்படிச் சோதித்துப் பாருங்கள்: வாசகர் எழுந்து போய் எதையும் படிக்காமல், தம் வீட்டையோ நினைவையோ பார்த்து இரண்டு வரியில் பதில் சொல்ல முடிகிறதா? ‘உங்களுக்குப் பிடித்த நாவல் எது?’ என்ற கேள்வி எளிதாகத் தோன்றும். ஆனால் அதற்குப் பதில் சொல்பவர் தம் ரசனையைத் தேர்வுக்கு வைப்பதாக உணர்கிறார், அதனால் தள்ளிப் போடுகிறார். ‘எந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்துத் திரும்ப வாங்க முடியாமல் போனது?’ என்று கேளுங்கள், கோபத்திலாவது எழுதுவார். ஒரு மடலுக்கு ஒரு கேள்வி போதும். மூன்று கேட்டால் எதற்கு முதலில் என்று யோசித்தே விட்டுவிடுவார்கள். பதிலுக்கு ஒரு தேதியும் கொடுங்கள். நாங்கள் 20 என்று வைத்திருந்தோம், பெரும்பாலான பதில்கள் முதல் மூன்று நான்கு நாளில் வந்துவிடும், மறந்தவர்களில் சிலர் 19ஆம் தேதி எழுதுவார்கள்.

விற்பனையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பட்டியலைச் சுருக்கி, நீங்களே முழுதாகப் படித்த ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். அதில் ‘இது யாருக்குப் பிடிக்காது’ என்று ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். ‘கதை வேகமாக நகர வேண்டும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம்’ என்று நாங்கள் எழுதிய புத்தகத்துக்கு, ‘எனக்கு வேகம் வேண்டாம், ஒரு பிரதி எடுத்து வையுங்கள்’ என்று இரண்டு பேர் எழுதினார்கள். கீழேயிருந்து வர வேண்டிய பார்சல் கோத்தகிரிப் பாதையில் மண் சரிந்ததால் மேட்டுப்பாளையத்திலேயே கிடக்கிறது என்றால் அதையும் எழுதுங்கள். முன்பணம் கட்டியவருக்கு அதைவிடத் தேவையான செய்தி வேறில்லை.

வந்த பதில்களின் எண்ணிக்கையைவிட, எழுதியவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் மாதவாரியாகக் குறித்து வாருங்கள். மூன்று மாதம் தொடர்ந்து அதே நான்கு பெயர்கள்தான் வருகின்றன என்றால், கேள்வி அந்த நால்வருக்கானதாகச் சுருங்கிவிட்டது என்று பொருள். எங்களுக்கு இரண்டாம் ஆண்டில் அது நடந்தது. கவிதை பற்றியே ஐந்து மாதம் கேட்டிருந்தோம். ஆறாவது மாதம் ‘பள்ளி நூலகத்தில் உங்களைத் தொட விடாமல் பூட்டி வைத்திருந்த புத்தகம் எது?’ என்று கேட்டபோது, அதுவரை பில்லில் மட்டுமே பெயர் பார்த்திருந்த ஏழு பேர் எழுதினார்கள்.

பதிலை வெளியிடும் முன் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள், பெயரும் ஊரும் போடலாமா, பெயர் வேண்டாமா என்று. சிறிய ஊரில் இரவல் வாங்கித் திருப்பாதவரும் உங்கள் லிஸ்டில்தான் இருப்பார்.