லேட்டாகும்போது அனுப்பும் ஜாலி மெசேஜ்: கேள்வி பதில்

எஃப்.எம். நிகழ்ச்சிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் நகைச்சுவைத் துணுக்கு எழுதுகிறேன். நமக்காகக் காத்திருப்பவருக்கு என்ன எழுதி அனுப்புவது என்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

பம்மல் வாசகி: தோழி தி.நகர் ஹோட்டலுக்கு 7 மணிக்கு வரச் சொன்னாள். 6.40-க்கு நான் கத்திப்பாராவில் நின்றேன். 'ட்ராஃபிக் டி, அஞ்சு நிமிஷம்' என்று சிரிப்பு ஸ்மைலியோடு போட்டேன். போனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். எங்கே தப்பு?

அந்த அஞ்சு நிமிஷம்தான் தப்பு. அதை நம்பி அவள் 7.05-லிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். 7.30 என்று சொல்லியிருந்தால் பக்கத்துக் கடைக்குள் ஒரு சுற்று போயிருப்பாள், கோபமும் வந்திருக்காது. 6.40-க்கே மெசேஜ் போட்டது நல்ல காரியம். அவள் இன்னும் வீட்டிலேயே இருந்திருக்கலாம், அதைத்தான் நீங்கள் பயன்படுத்தவில்லை. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

'7 மணிக்கு வர முடியாது டி, 7.30 ஆகும். ஸாரி. இன்னும் கிளம்பலைன்னா மெதுவா கிளம்பு. கிளம்பிட்டேன்னா காபி சொல்லிக்கோ, பில் என்னோடது. கத்திப்பாராவுல நின்ன நேரத்துக்கு இங்கேயே ஒரு வீடு கட்டியிருக்கலாம். கிரகப்பிரவேசத்துக்கு நீதான் முதல் ஆள்.'

முதலில் மணி, அடுத்து மன்னிப்பு, அப்புறம் அவள் என்ன செய்யலாம் என்பது, கடைசியில்தான் ஜோக். ஜோக்கில் மாட்டிக்கொண்டு முழிப்பது நீங்கள், மரியாதை அவளுக்கு. வெறும் 'ட்ராஃபிக்' என்றால் சாக்கு மாதிரி இருக்கும், கத்திப்பாரா என்றால் நம்புவார்கள். 7.20-க்கு வந்துவிடலாம் என்று தோன்றினாலும் 7.30 என்றே எழுதுங்கள். சொன்னதற்கு முன்னால் போய் நின்றால் பாதிக் கோபம் அங்கேயே போய்விடும்.

மதுரைக்காரன்: முதல் வரியிலேயே சிரிக்க வைத்துவிட்டால் கோபமே வராது. என் அனுபவம் இது.

சொன்ன நேரம் தாண்டாதவரைக்கும் நீங்கள் சொல்வது சரி. அதுவரை அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, சிரிப்பார். தாண்டிய பிறகு அவர் கண் தேடுவது மணியை மட்டும்தான். அறிவிப்பில் மெசேஜின் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். அந்த இடத்தில் ஜோக் இருந்தால், நேரம் தெரிய அவர் மெசேஜைத் திறந்தாக வேண்டும்.

ஐ.டி. தம்பி: மேனேஜர் மீட்டிங்குக்கு லேட். ஜோக் போடலாமா சார்?

வேண்டாம். எத்தனை மணிக்கு வருவீர்கள், அதுவரை உங்கள் பங்கை யார் பார்ப்பார்கள், இந்த இரண்டையும் எழுதுங்கள்.

சேலம் செல்வி: எங்கள் ஆபீஸில் மூன்று லேட் ஆனால் அரை நாள் சம்பளம் பிடிக்கிறார்கள். இது சரியா?

நான் பதில் சொல்லும் விஷயம் இல்லை இது. உங்கள் நியமனக் கடிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு மனிதவளத் துறையில் கேளுங்கள்.

புது மருமகள்: வெள்ளிக்கிழமை 10 மணிக்கு அத்தையோடு கோயிலுக்குப் போவதாகப் பேச்சு. பஸ் வரவில்லை. அவர்களிடம் விளையாட்டாக எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அளவோடு. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. அத்தை அதைப் பார்ப்பவர் என்றால் உங்கள் தாமதம் அவருக்கு வெறும் அரை மணி நேரம் இல்லை, கிளம்பும் நேரமே கெட்டுப்போகிறது. ராகு காலத்தை வைத்துக் கேலி வேண்டாம். இப்படி எழுதுங்கள்: 'அத்தை, பஸ் இன்னும் வரலை, வந்து சேர 10.40 ஆயிடும், மன்னிச்சுக்கோங்க. 10.30-க்கு முன்னாடி நீங்க கிளம்பணும்னா கிளம்பிடுங்க, நான் நேரா கோயிலுக்கே வந்துடறேன். திருவாரூர் தேர்கூட இந்நேரம் நிலைக்கு வந்திருக்கும், இந்த பஸ்தான் வரலை.' கேலி பஸ்ஸோடு நிற்கிறது. முடிவெடுப்பதும் அவர் கையிலேயே இருக்கிறது.

காத்திருக்கும் கட்சி: நான் எப்போதும் முன்னால் போய் உட்காருகிறவள். என் நேரத்தை வீணடித்துவிட்டு ஜோக் வேறா? என்னைப் பொறுத்தவரை அது அவமரியாதை.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. மன்னிப்பு இல்லாமல் ஜோக் மட்டும் வந்தால் அது அவமரியாதையேதான். நீங்கள் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தைச் சிரித்துத் தள்ளிவிடுகிறார்கள் என்றுதான் அர்த்தம். 'ஸாரி' என்ற ஒரு வார்த்தையாவது ஜோக்குக்கு வெளியே தனியாக நிற்க வேண்டும். அப்படி நின்றால், பின்னால் வரும் ஜோக் 'என்னோடு பேசு, முறைத்துக்கொள்ளாதே' என்று கேட்பதுதான்.

வேளச்சேரி அக்கா: அவர் சொல்வதுதான் நியாயம். என் வீட்டுக்காரர் வாராவாரம் ஒரே தேர் ஜோக்கைப் போடுகிறார். முதல் தடவை சிரித்தேன். இப்போது அந்த மெசேஜைப் பார்த்தாலே எரிகிறது.

எரியத்தான் செய்யும். ஒரே ஆளிடம் அடிக்கடி லேட்டாகிறவருக்கு ஜோக் உதவாது. அவர் எழுத வேண்டியது, 'இனிமே 6 மணின்னு சொல்ல மாட்டேன், 6.30-ன்னு சொல்றேன்' என்பதை. அதை எழுதி, சொன்னபடி வந்தும் காட்டினால், பழைய தேர் ஜோக்குக்கே நீங்கள் மறுபடியும் சிரிப்பீர்கள்.

டெக் தாத்தா: இவ்வளவு எதற்கு? வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டால் முடிந்தது.

நல்ல வசதிதான். 15 நிமிஷம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவு வைத்திருக்கிறார்கள், 1 மணி நேரம் போதும். ஆனால் காத்திருப்பவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பார். சிக்னலில் அது நகராமல் நின்றால் அவருக்கு இன்னும் கடுப்பு. மன்னிப்பு கேட்கும் வேலையையும் அது செய்யாது. முதலில் மெசேஜ், கூடவே லொகேஷன்.

காத்திருக்கும் கட்சி: புள்ளி பொய் சொல்லாது. 'கிளம்பிட்டேன்' என்று மனுஷர்தான் குளியலறையிலிருந்து போடுவார்!

இதில் நான் உங்கள் பக்கம். கிளம்பாமல் 'கிளம்பிட்டேன்' போடுவது பொய். அதன்மேல் எந்த ஜோக்கும் ஒட்டாது. 'இன்னும் தலை துவட்டவே இல்ல, 40 நிமிஷம் ஆகும், திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடு' என்று உள்ளதைச் சொன்னால் அதுவே சிரிப்பு. புள்ளியை மட்டும் நம்புவதா, வார்த்தை வேண்டுமா என்பதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது.

கோவை குமார்: நண்பனுக்கு 'அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்'னு போட்டேன், கோவிச்சுக்கிட்டானுங்க. என்ன பண்றதுங்க?

பம்மல் வாசகிக்கு எழுதியதைப் படியுங்கள். அஞ்சு நிமிஷம் என்று எழுதாதீர்கள்.

அவசரக்காரி: அஞ்சு நிமிஷத்துக்குப் பதில் 'ரெண்டு நிமிஷம்' போடலாமா?

கூடாது. கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதுங்கள். 6.50 என்றால் 6.50.

தஞ்சை மாப்பிள்ளைத் தோழன்: நண்பன் கல்யாணத்தில் முகூர்த்தத்தைத் தவறவிட்டேன். மண்டபத்துக்கு வெளியே நிற்கிறேன். என்ன ஜோக் அனுப்பலாம்?

ஒன்றும் அனுப்ப வேண்டாம். போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். மேடையில் அவன் கையைப் பிடித்து 'தப்புதான்டா' என்று சொல்லுங்கள். பந்தியில் பரிமாற ஆள் வேண்டியிருந்தால் வாளியைத் தூக்குங்கள்.

பம்மல் வாசகி: நீங்கள் எழுதியதை அப்படியே தோழிக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை. இன்னொரு ஜோக் போடவா?

வேண்டாம். பதில் வராதபோது இரண்டாவது ஜோக் போட்டால், சிரிக்கச் சொல்லி வற்புறுத்துவது போல ஆகிவிடும். அந்தக் காபியை அவள் இன்னும் குடிக்கவில்லையே. 'சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா? நேரமும் இடமும் நீ சொல்லு' என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் போய் உட்காருங்கள்.