எட்டு மணிக்கே படுக்கப் போகும் டீச்சருக்கு

*ஐயா, ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் 31 வருடம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போன வருடம் ஓய்வுபெற்றேன். பிள்ளைகள் கொழும்பில். வீட்டில் நானும் கணவரும்தான். இரவு எட்டு மணிக்குப் படுக்கிறேன், இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழும்பி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு மறுபடி படுத்து, ஆறரை வரை புரள்கிறேன். பகலில் தலை கனமாக இருப்பதால் சாப்பிட்ட பிறகு ஒரு மணித்தியாலம் கண்ணயர்வேன். நாத்தனார் தனக்கு டொக்டர் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். போடலாமா? வடக்கே தலை வைத்துப் படுப்பதால்தான் இப்படி என்கிறார் கணவர். பெயரைப் போட வேண்டாம்.*

அன்புள்ள டீச்சர்,

வடக்கு தெற்கை உங்கள் கணவரிடமே விட்டுவிடுகிறேன். கட்டிலைத் திருப்பிப் போட ஆசைப்பட்டால் போடட்டும், அவருக்கும் ஒரு வேலை ஆகும். மாத்திரையை இன்றைக்கே நாத்தனாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கணக்கு டீச்சர்தானே? எட்டிலிருந்து இரண்டு வரை எத்தனை மணித்தியாலம்? ஆறு. மத்தியானம் ஒன்று. மொத்தம் ஏழு. உங்கள் வயதில் ஒருவருக்குத் தேவையான தூக்கம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் நீங்கள் இரவில் படுக்கையில் கிடப்பது பத்தரை மணித்தியாலம். ஏழு மணித்தியாலத் தூக்கத்தில் ஒன்றைப் பகலிலேயே செலவழித்துவிட்டு, மிச்ச ஆறை வைத்துக்கொண்டு பத்தரையை நிரப்பப் பார்க்கிறீர்கள். எப்படி நிரம்பும்? எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்படி ஒரு கணக்கைச் செய்து கொண்டுவந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளாகவே நான் என் பெரியப்பாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

பெரியப்பா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடிவதற்கு முன்பே பெரட்டுக்களத்தில் நிற்பார். அப்புறம் மலை மலையாக ஏறி இறங்குவார். மூன்று நேரம் கொழுந்து நிறுவை. அந்தி சாயும்வரை ஆகாயத்தின் கீழேயே இருந்த மனிதர். இரவு செக்ரோலைப் பார்த்து முடித்துவிட்டுப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூங்குவார். வேலையை விட்டதும் பொகவந்தலாவைக்கு வந்து ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார். பனிக்குப் பயந்து பெரியம்மா ஜன்னலைத் திறக்கவே மாட்டார். உள்ளே ஒற்றை டியூப்லைட். கம்பளியைப் போர்த்திக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால் ஏழரைக்கே பெரியப்பாவின் தலை தொங்கிவிடும். நடுச்சாமத்தில் எழும்பி, "யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள்" என்பார். மந்திரித்த நூல் ஒன்று அவர் கையில் வெகுகாலம் இருந்தது. நூல் கறுத்ததே தவிரத் தூக்கம் வரவில்லை.

அவரிடம் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். உடம்பில் ஒரு நோயும் இல்லை. வேலையோடு சேர்ந்து மூன்று விஷயம் போய்விட்டது: குறித்த நேரத்தில் எழும்ப வேண்டிய கட்டாயம், நடை, வெளிச்சம். முதல் இரண்டும் எல்லாருக்கும் புரியும். மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது தினமும் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வது கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து. பார்ப்பதற்கான செல்கள் தவிர, இதற்கென்றே விழித்திரையில் தனியாகச் சில செல்கள் உண்டு. பகலில் அவற்றுக்கு வீட்டு வெளிச்சம் போதாது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் பார்த்தால், அறைக்குள் டியூப்லைட் தருவது 100, 200தான். எதிர்மலை தெரியாமல் மூடுபனி மூடிய நாளிலும், நடுப்பகலில் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். இரண்டு வெளிச்சத்துக்கும் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. "இங்கே எங்கே ஐயா வெயில்?" என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பது அதனால்தான். வெயில் தேவையில்லை, வானம் தெரிந்தால் போதும். வயதாக ஆகக் கண்ணின் வில்லையும் மஞ்சளாகி, அந்தக் கடிகாரத்துக்குத் தேவையான நீல வெளிச்சத்தைத் தடுக்கும். அதாவது, இளவட்டங்களைவிட நமக்குத்தான் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். நாமோ ஓய்வு கிடைத்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறோம்.

அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள், பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். விடியற்காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். மாலை வெளிச்சம் பின்னால் தள்ளும். "காலை ஆறு மணிக்கு வெயிலில் நட" என்று வாட்ஸ்அப்பில் வருகிற அறிவுரை, நடுச்சாமம் வரை தூக்கம் வராத ஆளுக்கு நல்லது. உங்கள் கடிகாரம் ஏற்கனவே முன்னால் ஓடுகிறது. எட்டு மணிக்கே கண் சொருகுவதும் இரண்டு மணிக்கே பொழுது விடிவதும் அதன் அடையாளம்தான். இதில் நீங்கள் இரண்டு மணிக்குக் குசினி லைட்டை எரியவிட்டு பிளேன்டீ போடுகிறீர்கள். இருட்டில் கிடந்த கண்ணுக்கு அந்த வெளிச்சமே போதும், உங்கள் மூளைக்கு "விடிந்துவிட்டது" என்று சொல்கிறது, அடுத்த நாளும் அதே நேரத்துக்கு எழுப்பிவிடுகிறது. டீ மட்டுமல்ல, அந்த லைட்டும் குற்றவாளிதான். விழிப்பு வந்தால் மங்கலான விளக்கில், படுக்கையை விட்டு வேறொரு நாற்காலியில் உட்காருங்கள். கண் சொருகும்போது திரும்பிப் போங்கள். பாத்ரூமுக்குப் போகிற வழியில் படி இருந்தால் அங்கே மட்டும் லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், விழுந்து எழும்புவதைவிட அது மேல்.

உங்களுக்கு வேண்டியது மாலை நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை வெளியில் இருப்பது. அதற்குப் பிறகு நம் ஊரில் மலை நிழல் விழுந்து பொழுது இருண்டுவிடும். மழை பெய்தால் இஸ்தோப்பில் வானத்தைப் பார்த்தபடி உட்காருங்கள், வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும்.

நடக்கப் போகிறேன் என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதீர்கள். தனியாக நடக்கிற நடை முதல் மழையோடு நின்றுவிடும். பெரியப்பாவும் நடந்து பார்த்தவர்தான். அட்டை கடிக்கிறது, முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி ஒரு வாரத்தில் விட்டார். அவரை எழுப்பி நிறுத்தியது தோட்டத்து மரண உதவிச் சங்கம். பொருளாளர் ஊரைவிட்டுப் போனதும், "கணக்கப்பிள்ளை ஐயாதான் சரி" என்று சங்கத்துக் கொப்பியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டார்கள். சந்தாவை ஒரே நாளில் வாங்கியிருக்கலாம். மனிதர் அப்படிச் செய்யவில்லை. கடைசி நிறுவை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து, தினமும் ஒரு லயம் என்று பிரித்துக்கொண்டார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இஸ்தோப்பு இஸ்தோப்பாக நின்று பேசி, இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வருவார். இரவு எட்டு மணிக்கு மேல் மேசையில் உட்கார்ந்து, வந்த காசைப் பதிந்து, ஐந்து ரூபாய் உதைத்தால் மறுபடி கூட்டுவார். பத்து மணிக்கு முன்னால் படுக்க அவருக்கு நேரமே இல்லை. கொஞ்ச நாளில் நடுச்சாம விழிப்பு மூன்றரைக்குத் தள்ளிப் போயிற்று, பிறகு நாலரைக்கு. நூலைப் பெரியம்மாதான் அறுத்துப் போட்டார்.

நம் மலையகத்தில் கணக்கு டீச்சருக்கு இருக்கிற தட்டுப்பாடு உங்களுக்குத் தெரியாததா? சாதாரண தரப் பிள்ளைகள் நாலைந்து பேரை நாலு மணிக்கு வரச் சொல்லுங்கள். உள்ளறையில் வேண்டாம், முன் இஸ்தோப்பில் பாய் போடுங்கள், நீங்கள் வெளியைப் பார்த்து உட்காருங்கள். முடிந்ததும் பிள்ளைகளோடு பெரிய ரோட்டு வரை நடந்து போய்த் திரும்புங்கள். கொப்பிகளை வைத்திருந்து எட்டு மணிக்கு மேல் திருத்துங்கள். உங்களுக்கு இப்போது தலை தொங்குகிற நேரம் அதுதான். காசு வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். ஒரு நாள் நீங்கள் இல்லாவிட்டால் வாசலில் வந்து நிற்க நாலு பேர் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இனிப் படுக்கை. எழும்பும் நேரத்தை ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு எப்படிப் போனாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும் ஐந்தரைதான். படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்றாமல், நான்கு நாளுக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் தள்ளுங்கள். எட்டு எட்டரையாகும், பிறகு ஒன்பது. இப்படியே மூன்று வாரத்தில் பத்தரைக்கு வந்துவிடலாம். அங்கே நில்லுங்கள், ஏழு மணித்தியாலம் ஆகிவிட்டது. மத்தியானத் தூக்கம் இரண்டு மணிக்கு முன்னால், அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். ஆரம்பத்தில் இரண்டு மணி விழிப்பு அப்படியே இருக்கும், தூக்கமும் குறையும், என்னைத் திட்டுவீர்கள். அந்த நாட்களில்தான் பலர் விட்டுவிட்டு மறுபடி எட்டு மணிக்குப் படுக்கிறார்கள். படுத்து 20 நிமிடத்துக்குள் கண் அயர்ந்து, இடையில் ஒரு தடவை மட்டும் எழும்புகிற நிலை வந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகும் பகலில் தூக்கம் தள்ளினால் படுக்கும் நேரத்தைக் கால் மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று கணவரைக் கேளுங்கள். அப்படி இருந்தால் முதலில் டொக்டர். விடியற்காலை விழிப்போடு எதிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றாலும் அப்படித்தான், அது மனச்சோர்வாக இருக்கலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் இப்படித் தூக்க நேரத்தைச் சுருக்கக்கூடாது.

மாத்திரைக்கு வருகிறேன். தூக்க மாத்திரைகளில் பல வயதானவர்களின் உடம்பில் அதிக நேரம் தங்கும். நடுச்சாமத்தில் பாத்ரூமுக்கு எழும்பும்போது கால் தள்ளாடும். நம் வீடுகளில் நனைந்த சீமெந்துப் படியில் இறங்கித்தான் பின்பக்கம் போக வேண்டும், இடுப்பு எலும்பு முறிந்து கிடப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குறட்டைத் திணறல் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இதையெல்லாம் கேட்டுப் பயந்து உங்கள் நாத்தனார் தன் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. நெடுநாள் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். எழுதிக் கொடுத்த டொக்டரிடமே போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வழி கேட்கச் சொல்லுங்கள்.