x = 2 ஏன் விடை ஆகாது?

"√(x + 7) = x − 5 கணக்கில் எனக்கு 2, 9 என இரண்டு விடை வருகிறது. புத்தகத்தில் 9 மட்டும்தான். x = 2 போட்டாலும் மூலத்துக்குள் 9 வருகிறது, மைனஸ் இல்லையே, அப்புறம் ஏன் தள்ள வேண்டும்?"

இருபுறமும் வர்க்கப்படுத்தி நீங்கள் பெற்ற x² − 11x + 18 = 0 சரி, காரணிப்படுத்தியதும் சரி. மூலத்துக்குள் பார்த்ததோடு நின்றுவிட்டீர்கள், வலப்பக்கத்தைப் பார்க்கவில்லை. x = 2 என்றால் இடப்பக்கம் √9 = 3, வலப்பக்கம் 2 − 5 = −3. இரண்டும் சமமில்லை. √ குறி எப்போதும் குறை எண் அல்லாத மூலத்தையே தரும், அதனால் √9 என்பது −3 ஆகாது. x = 9 போட்டால் இருபுறமும் 4.

இந்த 2 எங்கிருந்து வந்தது? 3, −3 இரண்டையும் வர்க்கப்படுத்தினால் 9தான். அந்த இடத்தில் குறி தொலைந்துவிடுகிறது. −√(x + 7) = x − 5 என்ற வேறொரு சமன்பாட்டை வர்க்கப்படுத்தினாலும் இதே இருபடிச் சமன்பாடுதான் வரும். 2 அதனுடைய விடை.

வர்க்கப்படுத்துவதற்கு முன்பே x − 5 ≥ 0, அதாவது x ≥ 5 என்று ஓரமாக எழுதி வையுங்கள். 2 அங்கேயே விழுந்துவிடும். x + 7 ≥ 0 என்று தனியாகப் பார்க்கவும் தேவையில்லை, ஏனென்றால் x + 7 = (x − 5)² என்றான பின் அது எப்படியும் குறை எண் ஆகாது.

இரண்டு மூலக்குறி இருந்து இரண்டு முறை வர்க்கப்படுத்தும் கணக்கில் இந்த நிபந்தனைகள் குழப்பும். அங்கே விடைகளை நேராகப் போட்டுப் பார்ப்பதே நல்லது. ஆனால் கொடுத்த சமன்பாட்டில் போடுங்கள். வர்க்கப்படுத்திய வரியில் போட்டால் 2 சரியென்றுதான் காட்டும்: 9 = 9.