பல்பின் வளைகோடு: 6 ஓமா, 11 ஓமா?

வணக்கம். 12 வோல்ட், 24 வாட் இழை பல்பு ஒன்றை வைத்து நானே அளவெடுத்து வரைபடம் போட்டேன். கிடை அச்சில் மின்னழுத்தம், செங்குத்து அச்சில் மின்னோட்டம். 1 வோல்ட்டுக்கு 0.5 ஆம்பியர், 6-க்கு 1.37, 12-க்கு 2. கோடு வளைந்து படுக்கிறது. 12 வோல்ட்டில் தொடுகோடு வரைந்து, சாய்வைத் தலைகீழாக்கினால் 11 ஓம் வருகிறது. V/I போட்டால் 6 ஓம். எது சரி? மற்றது வெறும் பிழைதானா?

கவிதா

அன்புள்ள கவிதா,

மின்தடை 6 ஓம்தான். மின்தடை என்பது அந்தப் புள்ளியில் உள்ள மின்னழுத்தத்தை அங்கே ஓடும் மின்னோட்டத்தால் வகுப்பது. வரைபடத்தில் அது ஆதிப்புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இழுத்த நேர்கோடு. தொடுகோட்டுக்கு இதில் வேலை இல்லை. உங்கள் தொடுகோட்டையே பின்னால் நீட்டிப் பாருங்கள்: அது ஆதிப்புள்ளிக்குப் போகாமல் மின்னோட்ட அச்சை 0.9 ஆம்பியர் அருகில் வெட்டும். மின்னழுத்தமே இல்லாமல் 0.9 ஆம்பியர் ஓடுமா என்ன? பல்பு உண்மையில் 11 ஓமாக இருந்தால் 12 வோல்ட்டில் 1.1 ஆம்பியர்தான் ஓடியிருக்கும். உங்கள் மீட்டர் 2 காட்டியது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நாம் முதலில் பழகும் வரைபடங்கள். ஆதிப்புள்ளி வழியே போகும் நேர்கோட்டில் இரண்டு வழியும் ஒரே விடையைத் தரும். அதனால் ‘சாய்விலிருந்து மின்தடை’ என்று மனதில் பதிந்துவிடுகிறது. கோடு வளைந்ததும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

கோடு ஏன் வளைகிறது என்பதை V/I-யை வரிசையாகப் போட்டாலே பார்க்கலாம். 1 வோல்ட்டில் 2 ஓம், 6-ல் 4.4 ஓம், 12-ல் 6 ஓம். இழை சூடாக ஆக டங்ஸ்டன் அணுக்களின் அதிர்வு கூடுகிறது, எலக்ட்ரான்கள் அடிக்கடி சிதறுகின்றன, தடை ஏறுகிறது. வெப்பநிலை மாறாதவரைதான் ஓம் விதி. இங்கே ஒவ்வொரு புள்ளியும் வெவ்வேறு வெப்பநிலையில் எடுத்தது.

உங்கள் அட்டவணையில் ஒரு குறை: 1 வோல்ட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வளைவு மிகுந்திருப்பது அங்கேதான். இப்படிப்பட்ட பல்பின் குளிர்ந்த தடை அரை ஓம் அளவில்தான் இருக்கும். 1 வோல்ட்டில் இழை மங்கிய சிவப்பாகக்கூடச் சரியாகத் தெரியாது, ஆனால் தடை அதற்குள் நான்கு மடங்காகிவிட்டது. கோடு நேராக இருக்கும் பகுதி ஒரு வோல்ட்டின் சிறு பங்குக்குள்ளேயே முடிந்துவிடும். அங்கே 0.1 வோல்ட் இடைவெளியிலாவது அளவெடுங்கள்.

சரி, அந்த 11? அது பிழை இல்லை, வேறு கேள்விக்கான விடை. 12 வோல்ட்டை ஒட்டிச் சிறிது மாற்றினால், மின்னோட்டம் நிலைகொண்ட பிறகு எவ்வளவு மாறியிருக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. 1 வோல்ட் குறைத்தால் மின்னோட்டம் 1/11, அதாவது சுமார் 0.09 ஆம்பியர் குறையும், 1.91-ல் வந்து நிற்கும்.

‘நிலைகொண்ட பிறகு’ என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். 11 வோல்ட்டுக்கு இறக்கிய அந்தக் கணத்தில் இழை இன்னும் பழைய சூட்டில்தான் இருக்கிறது, தடையும் அதே 6 ஓம்தான். ஆகவே மின்னோட்டம் முதலில் 11/6, அதாவது 1.83-க்கு விழும். பிறகு இழை ஆறத் தொடங்கும், தடை குறையும், மின்னோட்டம் 1.91-க்கு ஏறும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் நடப்பதால் சாதாரண மீட்டரில் பிடிபடாது, அலைநோக்கி வேண்டும்.

இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனால் வேடிக்கையாக இருக்கும். அதே பல்புக்கு 12 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்து, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அலைநோக்கியின் இரு அச்சுகளில் போட்டால், வளைகோடு வராது. கிட்டத்தட்ட நேர்கோடு, ஆதிப்புள்ளி வழியே, 6 ஓம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் வேகத்துக்கு இழையால் சூடாகவும் ஆறவும் முடிவதில்லை. நீங்கள் வரைந்த வளைவு, ஒவ்வொரு புள்ளியிலும் பல்பைக் காத்திருக்க விட்டதால் கிடைத்தது.

காத்திருந்தது போதுமா என்று தெரிந்துகொள்ள 0-விலிருந்து 12 வரை ஏற்றி அளவெடுத்துவிட்டு, அதே புள்ளிகளில் இறக்கியும் எடுங்கள். அவசரப்பட்டிருந்தால் ஏறும்போது இழை போதிய சூடாகியிருக்காது, மின்னோட்டம் கூடுதலாகக் காட்டும்; இறங்கும்போது குறைவாகக் காட்டும். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் உங்கள் 6-ஐயும் 11-ஐயும் நம்பலாம்.